புதுப்பிப்பு: சாம்பாரை ஆறவைக்கும் அட்டை

என் பழைய கேள்வி: “FSSAI உணவுப் பாதுகாப்புத் தணிக்கைப் பட்டியல்ல ‘சமைத்த உணவு முறையாகக் குளிர்விக்கப்படுகிறது’ன்னு ஒரு வரி. மாஸ்டரும் ஹெல்பரும் தினமும் செய்யற மாதிரி இதை எப்படி எழுதுறது?”

தணிக்கை செய்யும் அண்ணன் சொன்னபடி, அந்த வரியை வேலையாக உடைத்தோம். ஃப்ரிட்ஜ் பக்கத்தில் இப்போது ஒட்டியிருப்பது:

“மிஞ்சிய சாம்பாரை அண்டாவோடு வைக்காதே. இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் ட்ரேக்களில் ஊற்று. ட்ரேயை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கிளறு. தெர்மாமீட்டரை நடுவில் விடு, அடியில் முட்டக்கூடாது. 60 டிகிரி காட்டும் நேரத்தை எழுது. அதிலிருந்து 2 மணி நேரத்தில் 21, அடுத்த 2 மணி நேரத்தில் 5. தவறினால் மேற்பார்வையாளரைக் கூப்பிடு.”

ஃபேன் போதும் என்றார் ஒருவர். ஆவி போக உதவும்தான். ஆனால் அண்டாவில் மேல்பகுதி மட்டுமே ஆறும், நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். கொதியில் சாகாத கிருமி வித்துகள் முளைப்பது அந்தச் சூட்டில்தான். அதனால்தான் ட்ரே உயரத்தை முதலில் எழுதினோம்.



தெர்மாமீட்டரை வாரம் ஒருமுறை ஐஸ் கரைசலில் விட்டுப் பாருங்கள். 0 காட்ட வேண்டும்.

கடை மூடியபின் இரண்டாவது அளவை யார் எடுப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. இரவு ஷிஃப்ட் உள்ளவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?