கார்ட்டூஷ்: தமிழில் என்ன சொல்லலாம்?

கோமதி:
அனைவருக்கும் வணக்கம். எகிப்தியக் கோயில் சிற்பங்களுக்குப் படக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். மன்னரின் பெயரைச் சுற்றி நீள்வட்டமாக ஒரு கோடும், அடியில் ஒரு குறுக்குக்கோடும் செதுக்கியிருப்பார்களே, அந்தக் கார்ட்டூஷுக்கு ஒரு சொல் வேண்டும். இப்போதைக்கு 'அரச முத்திரை' என்று போட்டிருக்கிறேன். மனசுக்கு ஒட்டவில்லை.

சிவா:
பிரின்டரில் போடுகிற மை டப்பாதானே? போன வருஷமே 'மைப்பெட்டி' என்று பேசி முடித்தோமே.

இராசேந்திரன்:
அது கார்ட்ரிட்ஜ், சிவா. ஆனாலும் இரண்டும் பங்காளிகள்தான். 1798இல் நெப்போலியனுடன் எகிப்துக்குப் போன பிரெஞ்சுச் சிப்பாய்களின் கண்ணுக்கு அந்த வடிவம் துப்பாக்கித் தோட்டாவாகத் தெரிந்ததாம். அந்தப் பேரே நின்றுவிட்டது.

கோமதி, முத்திரை வேண்டாம். முத்திரை என்றால் குத்துவது. இது கயிறு. நுணுக்கமாகச் செதுக்கிய இடங்களில் முறுக்குகூடத் தெரியும். நீங்கள் குறுக்குக்கோடு என்பது அதன் முடிச்சு. எகிப்தியர் ஷெனு என்றார்கள், சுற்றி வளைப்பது என்ற பொருளில். 'பெயர்வளையம்' போதும் என்பேன்.

பாத்திமா:
'மன்னர் வளையம்' இன்னும் தெளிவு, சார். சாமிகளுக்கு அது கிடையாதே. கெய்ரோ கடைத்தெருவில் என் மகள் பேரை அந்த வளையத்துக்குள் பொறித்து டாலர் வாங்கினோம், அங்கே எல்லாரும் மன்னர்தான்! மற்றபடி தலையிலுள்ள கிரீடத்தைப் பார்த்தாலே ஆள் யாரென்று சொல்லிவிடலாம். வெள்ளை முடியும் சிவப்பு முடியும் சேர்ந்த இரட்டை முடி என்றால் மன்னர்.

இராசேந்திரன்:
பாதி சரி, பாத்திமா. ஆத்தூம் கடவுளும் மனித முகத்தோடு அதே இரட்டை முடியில்தான் வருவார். பருந்துத் தலை ஹோரஸுக்கும் அதுதான். நான் முதலில் கையைப் பார்ப்பேன். மதுக்கிண்ணத்தையோ தூபத்தையோ நீட்டுகிறவர் மன்னர். எதிரே அடி பிளந்த நீண்ட கோலும் உயிரைக் குறிக்கும் அங்க் சின்னமும் பிடித்து வாங்கிக்கொள்கிறவர் கடவுள். தாடி நுனி வளைந்திருந்தால் பெரும்பாலும் கடவுள். ஆனால் ப்தா கடவுளுக்கு நேர்தாடி, அதனால் தாடியை மட்டும் நம்பாதீர்கள்.

அப்புறம், தலைக்கு மேலே உள்ள எழுத்து யாருடையது என்று குழம்பினால் அதிலுள்ள பறவைகளைப் பாருங்கள். ஓர் உருவத்துக்குரிய எழுத்துகள் அந்த உருவம் பார்க்கும் திசையையே பார்க்கும்.

கோமதி:
என்னிடம் இருக்கும் படத்தில் இது எதுவும் உதவவில்லையே, ஐயா. கர்னாக் கோயிலின் செம்மண்டபத்துக் கல். ஆமூன் கடவுளின் படகுக்குப் பின்னால் இரண்டு மன்னர்கள். ஒரே உடை, ஒரே நடை, அச்சில் வார்த்த மாதிரி.

இராசேந்திரன்:
அருமையான கல். அங்கே வளையத்தைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. முன்னால் போகிறவரின் வளையத்துக்குள் என்ன தெரிகிறது?

கோமதி:
மேலே ஒரு வட்டம். அதன் கீழ் தலையில் இறகு வைத்து உட்கார்ந்திருக்கும் பெண். தூக்கிய இரண்டு கைகள். பின்னால் வருகிறவருக்கும் மேலே வட்டம்தான். அதன் கீழ் சீப்பு மாதிரி ஒன்று, பிறகு வண்டு.

இராசேந்திரன்:
வட்டம் சூரியன், ரே. கடவுள் என்பதால் மரியாதைக்கு முதலில் எழுதுவார்கள், ஆனால் கடைசியில் படிக்க வேண்டும். பெண் மாத், கைகள் கா. ஆக மாத்-கா-ரே. அது ஹட்செப்சுட், ஆண் வேடத்தில் பெண் மன்னர். சீப்பு என்பது காய் வைத்த ஆட்டப்பலகை, மென். வண்டு கெப்பர். மென்-கெப்பர்-ரே, அதாவது மூன்றாம் துட்மோஸ்.

வளையத்துக்குள் தளம் பள்ளமாக இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பல இடங்களில் ஹட்செப்சுட் பெயரைச் சுரண்டிவிட்டு அவர் தந்தை அல்லது கணவர் பெயரை வெட்டினார்கள். அப்படியும் பக்கத்து வாக்கியத்தில் பெண்பால் விகுதியான குட்டி ரொட்டி எழுத்தை அழிக்க மறந்துவிடுவார்கள். அதில் பிடிபடும்.

பாத்திமா:
அப்போ பெண்ணுக்கும் 'மன்னர்' வளையம் ஆயிற்று. என் சொல் தப்பித்தது!

இராசேந்திரன்:
தப்பிக்கவில்லை. அக்கெனாத்தன் தன் சூரியக் கடவுள் ஆத்தெனின் பெயரையே இரண்டு வளையங்களில் எழுதினான். அரசிகளுக்கும் உண்டு.

சிவா:
மை டப்பா சொன்ன குற்றத்துக்கு ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். டெண்டேரா கோயில் படங்களில் பல வளையங்கள் உள்ளே ஒன்றுமில்லாமல் காலியாக இருக்கின்றன. பெயரே இல்லாததைப் 'பெயர்வளையம்' என்பதா?

இராசேந்திரன்:
தாலமி வம்சத்தின் கடைசிக் காலம் அது. யார் ஆட்சியில் நிற்பார் என்று தெரியாமல் விட்டுவைத்தார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. பெயருக்காகப் போட்டதுதானே, பெயர்வளையம்தான். காலித் தேங்காய்ச் சிரட்டையும் தேங்காய்ச் சிரட்டைதான்.

சிவா:
எனக்குக் 'கயிற்றுவளையம்' பிடித்திருக்கிறது. உள்ளே என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒத்துவரும்.

கோமதி:
கிணற்றடி ஞாபகம் வருகிறது, சிவா. கர்னாக் படத்துக்குப் 'பெயர்வளையம்' போட்டுவிட்டேன். டெண்டேரா படம் அடுத்த வாரம்தான் வருகிறது, அதுவரை யோசிப்போம்.