தாம்பரத்தில் வீடு காலி செய்கிறோம்: சாமான் வாங்க ஆள் இருந்தால் சொல்லுங்கள்

வணக்கம். இந்த மாதக் கடைசியில் கோவைக்குக் குடிபோகிறோம். லாரி வாடகையைக் கேட்டதும் பாதிச் சாமானை இங்கேயே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். தெரிந்தவர்களுக்குச் சொல்லி உதவுங்கள்.

190 லிட்டர் ஃபிரிட்ஜ், 2 லிட்டர் டில்டிங் கிரைண்டர், மிக்சி மூன்றும் சேர்த்து 7,500 ரூபாய். தனித்தனியாக என்றால் ஃபிரிட்ஜ் 5,500, கிரைண்டர் 2,500. மிக்சியின் சட்னி ஜார் கசியும், அதனால் அதற்குக் காசு வேண்டாம். தேக்குக் கட்டிலும் இரும்பு பீரோவும் சேர்த்து 14,000. இதில் மட்டும் பேரம் கிடையாது, அம்மாவின் சீர். மற்றவற்றில் ஐந்நூறு வரை குறைக்கலாம்.

சனி, ஞாயிறு காலை 9 முதல் 1 வரை வந்து எடுத்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜ் மட்டும் ஞாயிறுதான். சனி இரவே அணைத்து ஐஸை உருக்கிவிடுவோம். வண்டியில் நிமிர்த்தியே வையுங்கள். படுக்கவைத்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை; தூக்க ஆள் நீங்களே கூட்டி வர வேண்டும்.

அப்புறம், காஸ் சிலிண்டரைக் கேட்காதீர்கள். அதை ஏஜென்சியில் ஒப்படைத்தால்தான் டெபாசிட் திரும்பக் கிடைக்கும்.