விரிவு இணைப்பில் சிமென்ட் கலவை அடைத்துவிட்டது: எப்படி எடுப்பது?

வணக்கம். நான் பராமரிக்கும் 60 மீட்டர் நீளப் பள்ளிக் கட்டடத்தின் நடுவே 25 மி.மீ. விரிவு இடைவெளி விடப்பட்டிருந்தும், பூச்சு வேலையின்போது மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கருகே அதற்குள் சிமென்ட் கலவை புகுந்து இறுகிவிட்டது. கான்கிரீட் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.01 மி.மீ. நீளுமாதலால், 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஒவ்வொரு 30 மீட்டர் பகுதியும் 9 மி.மீ. வரை நீள முயல்கிறது. நகர இடமில்லாமல் அடைப்பின் இருபுறமும் சுவர் வெடித்திருக்கிறது. விரிசலின் குறுக்கே பென்சிலால் போட்ட இரு குறிகளின் இடைவெளி காலைக்கும் பிற்பகலுக்கும் மாறுவதால், அஸ்திவாரம் இறங்கியதே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஸ்லாபின் விளிம்பு உடையாமல் கலவையை முழு ஆழத்துக்கும் எடுப்பது எப்படி? பிறகு அமுங்கக்கூடிய நிரப்புப் பலகையும் பாலிசல்ஃபைடு சீலன்டும் வைத்து, மேலே மூடும் தகட்டை ஒரு பக்கம் மட்டும் திருகினால் போதுமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து கூறுங்கள்.