புதுப்பிப்பு: வாய்க்கால் மட்டக் கருவியில் குப்பை எழுத்துகள்

முன்பு இங்கே நான் கேட்டது: “மன்னார்குடி பக்கம் வாய்க்கால் மட்டம் அளக்கும் போர்டு. இரண்டு பக்கமும் 9600 பாட்தான், ஆனாலும் திரையில் குப்பை எழுத்து. பாட் ரேட் பொருந்தாததுதான் காரணமா?”

ஆமாம், அதுதான். கோடில் 9600 என்று இருந்தாலும் கம்பியில் 4800தான் ஓடியது.

“இரண்டிலும் ஒரே எண் என்றால் பாட் பிரச்சினை இல்லை, கேபிளை மாற்றுங்கள்” என்றார் ஒரு நண்பர். கேபிளை மாற்றியும் பயனில்லை. வழிகாட்டியது தஞ்சாவூர் அக்காதான்: “விடாமல் U அனுப்பி, ஒரு பிட்டின் அகலத்தை லாஜிக் அனலைசரில் பாருங்க தம்பி.” U-வில் 0, 1 மாறி மாறி வருவதால் அளப்பது சுலபம். 104 மைக்ரோ செகண்ட் வர வேண்டிய இடத்தில் 208 வந்தது. கணினியில் 4800 வைத்ததும் எழுத்து தெளிந்தது.

கடைக்காரர் 16 மெகாஹெர்ட்ஸ் என்று விற்ற போர்டின் கிரிஸ்டலில் 8.000 என்று அச்சிட்டிருந்தது. கடிகாரம் பாதி வேகம் என்றால் பாட் ரேட்டும் பாதிதான். அனலைசர் இல்லாதவர்கள் `delay(1000)` எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். எனக்கு இரண்டு நொடி எடுத்தது. ஐடிஇயில் 8 மெகாஹெர்ட்ஸ் போர்டைத் தேர்ந்தெடுத்து மறுபடி ஏற்றினேன், 9600-லேயே சரியாக வருகிறது.

ஒன்று மட்டும் பாக்கி. பம்புசெட் மோட்டார் ஓடத் தொடங்கும் நொடியில் இன்னும் ஓரிரு எழுத்து உடைகிறது. மற்ற நேரம் சுத்தமாக வருவதால் அது பாட் ரேட் இல்லை. கிரவுண்ட் ஒயரைச் சந்தேகிக்கிறார் அக்கா, இன்னும் பார்க்கவில்லை.