சாம்பார் டப்பாவில் மஞ்சள் கறை: கையா, மெஷினா?

மீனா: ஆபீஸுக்குச் சாம்பார் கொண்டுபோகிற பிளாஸ்டிக் டப்பா மஞ்சளாகிவிட்டது. மூடியைத் திறந்தால் எண்ணெய்ச் சிக்கு வாடை வேறு. கையால் தேய்த்தும் போகவில்லை. டிஷ்வாஷரில் போட்டால் போகுமா?

செந்தில்: யோசிக்காமல் மெஷினில் போடுங்க. 65 டிகிரி சூட்டில் கழுவக் கையால் முடியுமா? பிசுக்கு இருந்த இடம் தெரியாது.

கௌரி: பிசுக்கு போகும் செந்தில், நிறம் போகாது. மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரைவதில்லை. எண்ணெயில் கரைந்து பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிடுகிறது. எண்ணெயோடு அப்படியே சூட்டில் போட்டால் இன்னும் ஆழமாக இறங்கும், பக்கத்தில் இருக்கும் வெள்ளை மூடியிலும் ஏறும்.

மீனா, முதலில் டிஷ்யூவால் எண்ணெயைத் துடைத்தெடுங்க. அப்புறம் பாத்திரம் கழுவும் லிக்விடைத் தண்ணீர் கலக்காமல் தடவி, பத்து நிமிஷம் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்க. அதற்குப் பிறகும் மஞ்சள் தெரிந்தால் உள்பக்கம் வெயில் படும்படி வெளியே வையுங்க. அந்த நிறம் வெளிச்சத்துக்குத் தாங்காது.

செந்தில்: டிஷ்வாஷர் பவுடரில் காரம் அதிகம். அதுவே நிறத்தைச் சிதைக்கும்.

கௌரி: ஓரளவு சிதைக்கும்தான். பிளீச் கலந்த பவுடர் என்றால் இன்னும் கொஞ்சம். ஆனால் அது மேலே இருப்பதைத்தான் தொடும். ஆரத்தியில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவக்குமே, அதுபோலக் காரம் பட்டால் கறையும் சிவந்து தெரியும். பயந்து தேய்த்துக் கீறிவிடாதீங்க. கீறலில்தான் அடுத்த கறை போய் உட்காரும்.

மூர்த்தி: எவர்சில்வர் தூக்கு இருக்கும்போது இந்த வம்பு எதற்கு?

மீனா: மைக்ரோவேவில் சூடாக்க வேண்டும் சார்!

ராஜி: நானும் அப்படித்தான் சூடாக்குவேன். குழம்பு நின்ற உயரத்தில் ஒரு மஞ்சள் வளையம், தடவினால் சொரசொரவென்று இருக்கிறது. வெயிலில் வைத்தும் போகவில்லையே?

கௌரி: அது வெறும் கறை இல்லை ராஜி. மேலே மிதக்கும் எண்ணெய் தண்ணீரின் கொதிநிலையையும் தாண்டிச் சூடாகி, பிளாஸ்டிக்கை உருக்கிக் குழி விழவைத்திருக்கிறது. கையானாலும் மெஷினானாலும் போகாது. அதில் இனி பருப்பு, பட்டாணி போட்டு வையுங்க.

செந்தில்: சரி, வாடைக்கு? அதற்காவது மெஷின்தானே?

கௌரி: மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றாமல் போட்டால் பிரயோசனமில்லை. வாடை பெரும்பாலும் அதற்கு அடியில்தான். மீனா, ஒரு ஸ்பூன் காம்பால் நெம்பி எடுத்துப் பாருங்க.

மீனா: எடுத்தேன் அக்கா. பள்ளம் முழுக்கப் பழுப்பாக வழுவழுவென்று இருந்தது. பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியதும் மூடியில் வாடை இல்லை, வளையத்தில் மட்டும் லேசாக மிச்சம். டப்பாவைப் பால்கனியில் வைத்திருக்கிறேன். ஆனால் இங்கே காலை வெயில் மட்டும்தான் வரும்.

கௌரி: மெதுவாக வெளுக்கும். நாலைந்து நாள் விட்டுப் பாருங்க.

செந்தில்: வளையத்தை மெஷினின் மேல்தட்டில் போடுங்க மீனா. கீழே போட்டால் ஹீட்டர் பக்கம் விழுந்துவிடும். அந்த மிச்ச வாடை அதில்தான் போகும் என்று நான் இன்னும் சொல்கிறேன்.