மதுரையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்: பயணத்தில் எத்தனை மணி வேலைக் கணக்கு?

வைகைக்கரை: கம்பெனி படிவத்தில் 'கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம்'னு ரெண்டு கட்டம்தான். மெஷின் நிறுவ ஜெர்மனி போறவங்க எப்படி நிரப்புறீங்க? சென்னையில் காத்திருப்பது, ராத்திரி விமானம் எல்லாம் சேருமா?

கப்பலூர் சர்வீஸ்: டிக்கெட்டில் உள்ள நேரங்களை அப்படியே கழித்தால் கணக்கு உதைக்கும். உதாரணத்துக்கு, ஞாயிறு மாலை 4 மணிக்கு மதுரையில் வீட்டைவிட்டுக் கிளம்பி, சென்னையில் 1.50க்கு விமானம் ஏறி, அங்கே திங்கள் காலை 8.30க்கு வெளியே வர்றீங்கன்னு வைங்க. கழித்தால் 16.30 மணிதான் வரும். குளிர்காலத்தில் ஜெர்மனி நமக்கு நாலரை மணி பின்னால். அந்த 8.30 நம்ம கடிகாரத்தில் பகல் 1 மணி. ஆக உண்மையான பயணம் 21 மணி. முழுக்க நம்ம நேரத்திலேயே எழுதுங்க, பக்கத்தில் உள்ளூர் நேரத்தைக் குறிச்சா போதும்.

அண்ணாநகர் அக்கவுண்ட்ஸ்: போறப்ப குறையுறது வர்றப்ப கூடிடும்ல? கடைசியில சரியாப் போயிடும், எதுக்கு மண்டையை உடைக்கணும்?

கப்பலூர் சர்வீஸ்: மொத்தத்துல சரிதான். ஆனா ஓவர்டைம் 48 மணி வாரக் கணக்கு. போற வாரம் வேற, வர்ற வாரம் வேற. போதாததுக்கு மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்துவாங்க. வித்தியாசம் மூன்றரையாகிடும், நடுவில் சிக்கின பயணம் ஈடாகாது.

திருமங்கலம் ராஜா: நான் தினம் மாட்டுத்தாவணிக்கு ரெண்டு பஸ் மாறிப் போறேன். அதையும் போடலாமா?

பேரோல் அக்கா: தம்பி, அது வேலைக்குப் போய்வர்றது. இங்கே பேசுறது கம்பெனி அனுப்புற பயணம். காத்திருப்பு விஷயத்துல டிக்கெட்டை யார் போட்டாங்கன்னு பாருங்க. கம்பெனி போட்டதுன்னா சென்னையில உட்கார்ந்திருக்கிற மணியும் சேரணும்னு கேட்கலாம். நீங்களே சுத்திப்போற வழியைக் கேட்டு வாங்கியிருந்தா கூடுதல் நேரம் உங்க பாடு. 2018ல ஜெர்மனியின் உச்ச தொழிலாளர் நீதிமன்றம் சீனாவுக்கு அனுப்பப்பட்ட ஒருத்தர் வழக்குல இப்படித்தான் பார்த்தது: பயண நேரத்துக்குச் சம்பளம் உண்டு, ஆனா அளவுகோல் சாதாரண வகுப்பு நேர் விமானம்.

அமெரிக்க முறை வேற. வழக்கமான வேலை நேரத்தோட மோதுற பயணம்தான் சேரும், லீவு நாளா இருந்தாலும். 9 முதல் 6 வேலைன்னா, மேலே சொன்ன பயணத்துல ஞாயிறு 4 முதல் 6, திங்கள் 9 முதல் 1, ஆக 6 மணிதான். ராத்திரி விமானத்துல லேப்டாப்பைத் திறந்து வேலை பார்த்தா அதுவும் சேரும். அதனால மெயில் அனுப்பின நேரம் உதவும்.

வைகைக்கரை: 21, 6, எதைப் போடுறது?

பேரோல் அக்கா: உங்க நியமனக் கடிதமும் பயண விதியும் எதைச் சொல்லுதோ அது. ஒண்ணும் சொல்லலைன்னா கிளம்புறதுக்கு முன்னாடியே மேனேஜர்கிட்ட மெயிலில் கேட்டு வாங்கிடுங்க. விமானம் தாமதமானா அந்தக் குறுஞ்செய்தியையும் போர்டிங் பாஸையும் பத்திரமா வைங்க.

கப்பலூர் சர்வீஸ்: தூங்கின நேரத்தை என்ன செய்யுறது? எங்க ஆட்களுக்குள்ளேயே இன்னும் சண்டைதான். இறங்கின அன்னைக்கே ஷாப்ஃப்ளோர்ல நிக்கச் சொல்றவங்க தூக்கத்தைக் கழிக்கிறது எனக்கு ஒப்புதலில்லை.