ஹாம்பர்க் டி.ஏ. பில்: டியூ டேட் 13-ஆ, 15-ஆ?

துறைமுகத்தான்:
ஹாம்பர்க்கிலிருந்து கோவை மில்லுக்கு டி.ஏ. பில், அதாவது மில் அக்செப்ட் செய்தால் ஆவணம் கைக்குப் போகும் பில், 48,600 யூரோ. பில்லில் "பில் ஆஃப் லேடிங் தேதியிலிருந்து 90 நாள்" என்று இருக்கிறது. கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான அந்த ரசீதின் தேதி 2024 மார்ச் 15. பில்லோடு ஹாம்பர்க் வங்கி அனுப்பிய கவரிங் ஷெடியூலில் டியூ டேட் ஜூன் 13 என்று அவர்களே போட்டுவிட்டார்கள். அப்புறம் நமக்கு எதற்குக் கணக்கு? அதையே அக்செப்டன்ஸைத் தெரிவிக்கும் ஸ்விஃப்ட் செய்தி 412-இல் அடித்து அனுப்புங்கள். மூன்று நாள் கிரேஸ் எல்லாம் தாத்தா காலத்துக் கதை.

கொங்கு பில்டெஸ்க்:
தாத்தா காலத்துச் சட்டம்தான், 1881. இன்றைக்கும் அதுதான் நடப்பில் இருக்கிறது. என்.ஐ. சட்டம், அதாவது மாற்றுமுறை ஆவணச் சட்டம், 22ஆம் பிரிவைப் பிரித்துப் பாருங்கள். கேட்டவுடன் கட்ட வேண்டிய டிமாண்ட், சைட் பில் அல்லாத எந்த பில்லும், அதில் சொன்ன நாளுக்கு அடுத்த மூன்றாம் நாளில்தான் முதிரும்.

மார்ச் 15-ஐ விட்டுவிட்டு எண்ணுங்கள். மார்ச்சில் 16, ஏப்ரலோடு 46, மே முடிய 77, மிச்சம் 13. ஜூன் 13 வரைக்கும் ஹாம்பர்க்காரர்கள் போட்ட கணக்கு சரி. அதோடு மூன்று நாள் கூட்டினால் 16, அது ஞாயிறு. டியூ டேட் பொது விடுமுறையில் விழுந்தால் அதற்கு முந்தைய வேலை நாள் என்கிறது 25ஆம் பிரிவு. 15 மூன்றாம் சனிக்கிழமை, வங்கி திறந்திருக்கும். ஆகவே ஜூன் 15.

துறைமுகத்தான்:
வங்கி வழி பில் வசூலுக்கான சர்வதேச விதி யூ.ஆர்.சி. 522 படித்திருக்கிறீர்களா? நான்காம் ஆர்ட்டிகிள்: வங்கி இன்ஸ்ட்ரக்‌ஷனில் சொன்னபடிதான் நடக்க வேண்டும், ஆவணங்களைத் துருவி இன்ஸ்ட்ரக்‌ஷன் தேடக் கூடாது. ஷெடியூலில் 13. முடிந்தது.

கொங்கு பில்டெஸ்க்:
நான்காம் ஆர்ட்டிகிள் வங்கிக்கு. பில்லில் கையெழுத்துப் போடுவது மில். அக்செப்ட் செய்தவரின் பொறுப்பை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் செலுத்த வேண்டிய இடத்துச் சட்டம்தான் தீர்மானிக்கும், 134ஆம் பிரிவு. பணம் செலுத்தும் இடம் கோவை. ஜெர்மனியில் கிரேஸ் கிடையாது, அங்கே பின்பற்றுகிற ஜெனிவா பில் சட்டத்தில் 74ஆம் ஆர்ட்டிகிளே அதற்காகத்தான். அதனால் அவர்கள் 13 என்று எழுதினார்கள். அவர்கள் எழுதியதால் கோவையில் சட்டம் மாறிவிடாது. 13ஆம் தேதி பணம் வரவில்லை என்று நீங்கள் 416 அனுப்பினால், முதிராத பில்லை டிஸ்ஹானர் என்று சொல்லிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ரூபாய் நோட்டு:
ரெண்டு பேருமே தப்பு. அந்நியச் செலாவணி டீலர்கள் சங்கமான ஃபெடாய் விதிப்படி 25 நாள் ட்ரான்சிட் சேர்க்கணும். 90 + 25 + கிரேஸ். ஜூலைக்குப் போயிடும்.

கொங்கு பில்டெஸ்க்:
சார், அந்த 25 நாள் நாம் அனுப்புகிற எக்ஸ்போர்ட் பில்லை வாங்கும்போது நோஷனல், அதாவது உத்தேச டியூ டேட் போடுவதற்கு. இது உள்ளே வருகிற இம்போர்ட் பில். இங்கே ட்ரான்சிட்டுக்கு வேலையே இல்லை. போன மாதம் பேக்கிங் கிரெடிட் இழையிலும் இதையே கொண்டுவந்து போட்டீர்கள்.

ரூபாய் நோட்டு:
ஃபெடாய் விதியிலேயே "கிரேஸ்"னு வார்த்தை இருக்கே, அதைத்தான் சொன்னேன். போன மாத இழையை ஏன் இழுக்கிறீங்க?

மில் கணக்கர்:
என் கேள்வி சார்ஜைப் பற்றி. எங்களுக்கு வந்த ஷெடியூலில் "வங்கிச் சார்ஜ் எல்லாம் டிராயீ கணக்கில்" என்று இருக்கு, பணம் கட்ட வேண்டிய டிராயீ நாங்கள்தான். ஆர்டரில் நாங்கள் அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. பில்லை அக்செப்ட் செய்து கொடுத்தும், சார்ஜ் கட்டாததால் வங்கி பில் ஆஃப் லேடிங்கைக் கொடுக்க மாட்டேன் என்கிறது. சரக்கு தூத்துக்குடியில் டெமரேஜ் கட்டணம் ஏறிக்கொண்டு நிற்கிறது.

துறைமுகத்தான்:
வங்கி செய்தது சரி. இன்ஸ்ட்ரக்‌ஷனில் டிராயீ கணக்கு என்று சொன்னால் டிராயீ கட்டித்தான் ஆக வேண்டும்.

கொங்கு பில்டெஸ்க்:
தவறு. யூ.ஆர்.சி. 21ஆம் ஆர்ட்டிகிளை முழுசாகப் படியுங்கள். டிராயீ கணக்கு என்று மட்டும் இருந்து, அவர் மறுத்தால், வங்கி சார்ஜ் வாங்காமலே ஆவணத்தைக் கொடுக்கலாம். அந்தத் தொகையை அனுப்பிய வங்கியிடம் வாங்கலாம், வரும் பணத்தில் கழித்தும் கொள்ளலாம். "சார்ஜை விட்டுக்கொடுக்கக் கூடாது" என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டுமே ஆவணத்தை நிறுத்தி வைக்க வேண்டும். கணக்கர் அண்ணா, உங்கள் ஷெடியூலில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். சில வங்கிகள் அதை முன்பக்கத்தில் போடாமல் பின்பக்கப் பொடி எழுத்தில் வைத்திருக்கும்.

வட்டிக்கும் 20ஆம் ஆர்ட்டிகிளில் இதே முறைதான். ஹாம்பர்க் ஷெடியூலில் தாமத வட்டி 8 சதவீதம் என்று மட்டும் இருக்கிறது. எந்த நாளிலிருந்து, 360 நாள் கணக்கா 365-ஆ என்று இல்லை. 15ஆம் தேதி கட்டினால் இரண்டு நாளுக்கு 360-இல் 21.60 யூரோ, 365-இல் 21.30. முப்பது சென்ட்தான், ஆனால் அடிப்படை சொல்லாத வட்டியை எப்படி வசூல் செய்வீர்கள்? அதைவிட, 15தான் டியூ டேட் என்றால் தாமதமே இல்லை, வட்டியும் இல்லை.

துறைமுகத்தான்:
மறுபடியும் 15-க்கே வந்துவிட்டார். 412-இல் தேதி போடும் 32A கட்டம் ஒன்றுதான், அதில் ஒரு தேதிதான் போக முடியும். நான் 13 போடுவேன். ஹாம்பர்க் வங்கி தன் வாடிக்கையாளருக்கு 13 என்று சொல்லிவிட்டது.

கொங்கு பில்டெஸ்க்:
ஒரு தேதிதான் போக முடியும் என்பதால்தான் முதலிலேயே கேட்க வேண்டும் என்கிறேன். பில் வந்த அன்றே ஹாம்பர்க் வங்கிக்கு 499, அதாவது நம் வாசகத்தில் எழுதும் ஸ்விஃப்ட் செய்தி, அனுப்புங்கள்: "பில் இந்தியாவில் செலுத்தத்தக்கது, இங்குள்ள சட்டப்படி டியூ டேட் ஜூன் 15, உங்கள் ஷெடியூலில் 13, உறுதி செய்யவும்." பதிலுக்குக் காத்திருக்காமல் மில்லுக்கும் அக்செப்டன்ஸுக்குக் காட்டிவிடுங்கள், தாமதம் உங்கள் தலையில் விழாது.

சட்டப் புறா:
இரண்டு பேரும் 13, 15 என்றே நிற்கிறீர்கள். மில் போட்ட முத்திரையைப் பார்த்தீர்களா? "அக்செப்டட், டியூ 18.06.2024" என்று கையால் எழுதியிருக்கிறார்கள். 16 ஞாயிறு, 17 பக்ரீத், அதனால் அடுத்த வேலை நாள் என்று நினைத்திருக்கிறார்கள் போல.

கொங்கு பில்டெஸ்க்:
அப்படியானால் ஆவணத்தைக் கையை விட்டு விடாதீர்கள். அடுத்த வேலை நாள் என்பது ஜெர்மன் முறை, நம் சட்டத்தில் முந்தைய நாள். சட்டப்படி வர வேண்டிய காலத்தை விட்டு வேறு காலத்தில் கட்டுகிறேன் என்பது 86ஆம் பிரிவில் குவாலிஃபைடு, அதாவது பில்லில் உள்ளதை மாற்றிய அக்செப்டன்ஸ். அக்செப்டன்ஸ் முழுமையாகவும் சரியாகவும் தோன்றுகிறதா என்று பார்ப்பது பில்லை மில்லிடம் காட்டும் பிரசென்ட்டிங் வங்கியின் வேலை, யூ.ஆர்.சி. 22ஆம் ஆர்ட்டிகிள். கையெழுத்து உண்மையா, போட்டவருக்கு அதிகாரம் உண்டா என்பது வங்கியின் பொறுப்பில் வராது. தேதி வரும். பில்லை மில்லுக்குத் திருப்பிக் காட்டி, அந்தத் தேதியை அடித்து, பக்கத்தில் முழுக் கையெழுத்து வாங்கிவிட்டு அப்புறம் கொடுங்கள்.

சட்டப் புறா:
அடித்துவிட்டு என்ன தேதி எழுதச் சொல்வீர்கள்?

கொங்கு பில்டெஸ்க்:
எதுவும் வேண்டாம். "அக்செப்டட்", கையெழுத்து, நிறுவன முத்திரை, கையெழுத்திட்ட நாள். இது பில் ஆஃப் லேடிங் தேதியில் ஓடும் பில், முதிர்வு அதிலிருந்தே வந்துவிடும். சைட்டுக்குப் பின், அதாவது மில்லிடம் காட்டிய பின், 90 நாள் என்றிருந்தால் அக்செப்ட் செய்த நாள் இல்லாமல் கணக்கே ஓடாது.

துறைமுகத்தான்:
பில்லிலேயே "கிரேஸ் நாள் இல்லாமல்" என்று ஹாம்பர்க்காரர் எழுதியிருந்தால்? அப்போதும் 15-ஆ?

கொங்கு பில்டெஸ்க்:
நம் பில்லில் அந்த வாசகம் இல்லை.

துறைமுகத்தான்:
கேட்டதற்குப் பதில் இல்லை.

சட்டப் புறா:
22ஆம் பிரிவில் "பில்லில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால்" என்ற சொற்கள் இல்லை. அதனால் அப்படி எழுதினாலும் செல்லாது என்று வாதிடலாம். கட்சிக்காரர்கள் தங்களுக்கு வேண்டிய சலுகையை விட்டுக்கொடுக்கலாம் என்றும் வாதிடலாம்.

துறைமுகத்தான்:
விட்டுக்கொடுக்கலாம் என்றால் ஷெடியூலில் 13 என்று எழுதியதும் அதுதானே!

கொங்கு பில்டெஸ்க்:
ஷெடியூலில் மில் கையெழுத்துப் போடவில்லை. ஜூன் 15.

மில் கணக்கர்:
பின்பக்கத்தில் பார்த்துவிட்டேன், விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற வரி எங்கேயும் இல்லை. வங்கியில் 21ஆம் ஆர்ட்டிகிள் என்று சொன்னால் "மேலிடத்தில் கேட்கணும்" என்கிறார்கள். எழுத்தில் கொடுக்கச் சொல்லவா?

துறைமுகத்தான்:
13.